ரீலில் எதை விடுவது

ஷோரீல் அனுப்பும் மாணவர்கள் பலரும், பார்ப்பவர் அதிலுள்ள மிகச் சிறந்த ஷாட்டை வைத்தே தங்களை எடைபோடுவார் என்று நம்புகிறார்கள். ரீல் பார்க்கும் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. வேலைக்கு எடுத்த பிறகு இவர் கையிலிருந்து வரப்போகும் ஷாட் எப்படி இருக்கும் என்பதை அவர் கணிக்க வேண்டும். ஒரு நல்ல ஷாட்டும் மூன்று சுமாரான ஷாட்டுகளும் அடுத்தடுத்து வந்தால், நல்லது தற்செயலாக அமைந்ததோ, ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தியதோ என்ற எண்ணம் எழுகிறது. நல்லதற்கும் சுமாரானதற்கும் உள்ள வித்தியாசம் அனுப்பியவருக்கே தெரியவில்லை என்பது அதைவிடக் கவலை தருகிறது. கை மெதுவாகப் பழகும், ஸ்டூடியோ அதற்குக் காத்திருக்கும். கண் பழகியிருக்கிறதா என்பதைத்தான் இன்டர்ன்ஷிப்புக்கு வரும் ரீலில் முதலில் பார்க்கிறேன். எந்த ஷாட்டை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு அந்த மாணவர் எங்களுக்குச் செய்து காட்டும் முதல் வேலை.

*

சென்னையில் அனிமேஷன் இறுதியாண்டு படிக்கும் ஒரு பெண், குழந்தைகளுக்கான முப்பரிமாணத் தொடர்கள் செய்யும் ஒரு ஸ்டூடியோவுக்கு எழுதிய மின்னஞ்சலின் வரைவையும் ரீலையும் கொண்டுவந்து காட்டினாள். ரீல் 2 நிமிடம் 20 விநாடி ஓடியது. துள்ளும் பந்து, நடை, வாள் சண்டை, டிராகன் பறப்பது, ஒரு பெரிய நட்சத்திரத்தின் வசனத்துக்கு வாயசைக்கும் பாத்திரம், சமையலறைக்கு கேஸ் சிலிண்டரை நகர்த்தும் பெண், காம்பவுண்ட் சுவரிலிருந்து குதிக்கும் சிறுவன், கடைசியில் ஊசியில் நூல் கோர்க்க முயலும் பாட்டி. படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து செய்ததெல்லாம் செய்த வரிசையிலேயே இருந்தது.

மின்னஞ்சலும் அதே வரிசையில் இருந்தது. சின்ன வயதிலிருந்தே கார்ட்டூன் பிடிக்கும் என்பதில் தொடங்கி, மாடலிங், டெக்ஸ்சரிங், ரிக்கிங், லைட்டிங், அனிமேஷன் எல்லாம் தெரியும், எந்த வேலை கொடுத்தாலும் செய்வேன் என்று முடிந்தது. படிக்கிறவர் அவளை எந்த மேஜையில் உட்காரவைப்பது என்று அதில் எங்கும் இல்லை. அனிமேட்டரா, லைட்டிங் செய்பவரா என்பது தெரியாத மின்னஞ்சலை யாருக்கு அனுப்பிவைப்பது என்பதும் தெரியாது. அது அப்படியே கிடக்கும்.

"உனக்கு எது பண்ணும்போது நேரம் போறதே தெரியல?" என்று கேட்டேன்.

"கேரக்டர் அனிமேஷன்தான் மேம். மத்ததெல்லாம் பாஸ் ஆகறதுக்குப் பண்ணது."

அந்த ஒரு பதிலில் மின்னஞ்சலின் பாதி முடிந்துவிட்டது. மீதி ரீலில்தான் இருந்தது.

*

முதலில் ஒலியை அணைத்துவிட்டு முழு ரீலையும் பார்த்தோம். அவள் ஒரு பிரபலமான பாட்டின் தாளத்துக்கு ஷாட்டுகளை வெட்டியிருந்தாள். பாட்டு போனதும் சில ஷாட்டுகளின் உயிரும் கூடவே போய்விட்டது. வாள் சண்டையில் ஒவ்வொரு வெட்டும் மத்தளத்தோடு விழுந்ததால்தான் வேகமாகத் தெரிந்தது. உடம்பில் வேகம் இல்லை. தோள் திரும்புவதற்கு முன்பே கை போய்ச் சேர்ந்திருந்தது, வாளுக்கு எடையே இல்லை. இருபது விநாடி நீண்ட அந்த ஷாட்டை அவளே எடுத்துவிட்டாள்.

நட்சத்திரத்தின் வசனமும் போனது. எல்லோருக்கும் மனப்பாடமான வசனத்தை வைத்தால், கேட்பவரின் மனத்தில் அந்த நடிகரின் முகம்தான் வருகிறது. திரையில் இருக்கும் பாத்திரம் அவரைவிடச் சுவாரசியமாக நடித்தாலொழிய அங்கே நிற்க முடியாது. மாணவர் நிலையில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பந்தும் நடையும் வேறு காரணத்துக்காக விலகின. பந்தில் தவறு எதுவும் இல்லை. ஆனால் முதல் மாதத்துப் பயிற்சியை இறுதியாண்டில் காட்டினால், அதற்குப் பிறகு என்ன நடந்தது என்ற கேள்வி வருகிறது. நடை ஒரு சுழற்சி. 24 ஃபிரேமில் இரண்டு எட்டு, பிறகு முதலிலிருந்து அதே. விளையாட்டு செய்யும் நிறுவனத்துக்கு அனுப்பும் ரீலில் அதற்கு இடம் உண்டு, ஏனென்றால் அங்கே வேலையே சுழற்சிகள்தான். தொடர் செய்கிறவர்களுக்கு ஒரு பாத்திரம் ஓர் இடத்திலிருந்து கிளம்பி, ஏதோ ஒரு எண்ணத்தோடு இன்னோர் இடத்தில் போய் நிற்பது வேண்டும்.

டிராகனை விட அவளுக்கு மனமில்லை. இரண்டு மாதம் உழைத்திருந்தாள். ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தோம். இறக்கை கீழே அடிக்கும்போது காற்றைத் தள்ளுகிறது, அதனால் உடல் மேலே எழ வேண்டும். இறக்கை மேலே போகும்போது உடல் சற்றே தாழ வேண்டும். அவளுடைய டிராகனின் உடல் ஒரே உயரத்தில் நின்றது, இறக்கைகள் மட்டும் தனியாக அடித்துக்கொண்டிருந்தன. மேலே போகவும் கீழே வரவும் ஒரே அளவு ஃபிரேம்கள். அதை மறைப்பதற்காகவே கேமரா சுற்றிச் சுற்றி வந்தது. கேமரா காரணமில்லாமல் சுற்றினால், பார்க்கிறவர் இங்கே எதையோ மூடியிருக்கிறார்கள் என்று அறிந்து அந்த இடத்தில் நிறுத்திப் பார்ப்பார். போதாததற்கு அது இலவசமாகக் கிடைக்கும் ரிக். ரீல் பார்க்கிறவர்கள் அதே டிராகனை வேறு பலர் கையில் பார்த்திருப்பார்கள், தானாகவே ஒப்பிடுவார்கள்.

"இதைச் சரி பண்ண முடியாதா மேம்?"

முடியும். உடலின் ஏற்ற இறக்கத்தை முதலில் அமைத்து, இறக்கையை அதன்மேல் மறுபடி கட்ட வேண்டும். அப்படியென்றால் புதிதாகச் செய்வதுதான். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் இருந்தது. குழந்தைத் தொடர் செய்கிற ஸ்டூடியோவுக்கு டிராகன் தேவையும் இல்லை. உயிரினங்களைச் செய்யும் விஎஃப்எக்ஸ் நிறுவனத்துக்கு என்றாவது எழுதும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று தனிக் கோப்புறையில் வைத்தாள்.

*

சிலிண்டர் ஷாட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதிவைக்க வேண்டும்.

வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு இருக்கிறது. இரும்புக்கலத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 கிலோ. அவள் முதல் முறை செய்தபோது, பாத்திரம் குனிந்து இரண்டு கையாலும் அதைப் பிடித்து 8 ஃபிரேமில் இடுப்புவரை தூக்கிவிட்டதாம். அது தவறு என்று தெரிந்தது, ஏன் தவறு என்று தெரியவில்லை. பிறகு வீட்டில் அம்மா சிலிண்டர் மாற்றும்போது கைபேசியில் படம் எடுத்தாள். அம்மா தூக்கவே இல்லை. மேல் வளையத்தைப் பிடித்துச் சாய்த்து, அடிவிளிம்பின்மேல் உருட்டிக்கொண்டே போனார். சிலிண்டர் ஒரு பக்கம் சாயும்போது அம்மாவின் உடல் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு முறையும் இடுப்பு முதலில் நகர்ந்தது, கை அதற்குப் பின்னால்தான் வந்தது. சமையலறை வாசற்படியில் உருட்டல் நின்றது. அம்மா காலை மாற்றி வைத்தார், ஒருமுறை பின்னுக்குச் சாய்த்தார், அந்த வேகத்திலேயே முன்னுக்குத் தள்ளிப் படியைத் தாண்டினார்.

அவள் இரண்டாவது முறை செய்தது இதை. இடுப்பு அசைந்து 3 ஃபிரேம் கழித்துக் கை இழுக்கிறது. படியருகே ஒரு நிறுத்தம், 14 ஃபிரேம், அரை விநாடிக்குச் சற்றே கூட. அந்த நிறுத்தத்தில் உடல் உறைந்துபோகாமல் தோள் மெல்ல இறங்குகிறது, மூச்சு விடுகிறது. எடை என்பது சிலிண்டரில் எழுதி ஒட்டுவதில்லை, அதை நகர்த்துகிறவரின் தயாரிப்பில்தான் தெரிகிறது. எவ்வளவு முன்கூட்டி உடல் ஆயத்தமாகிறது, எவ்வளவு தாமதித்துப் பொருள் கிளம்புகிறது என்ற இரண்டிலும் நாம் 30 கிலோவைப் படித்துவிடுகிறோம். டிஸ்னியில் பல்லாண்டு வேலை செய்த ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் எழுதிய நூலில் அனிமேஷனின் பன்னிரண்டு அடிப்படைகளைத் தொகுத்தார்கள். ஆயத்தம் அவற்றில் ஒன்று. அவள் அதை வகுப்பில் படித்திருந்தாள், ஆனால் அம்மாவின் இடுப்பில்தான் கண்டாள்.

ஒரு குறை இருந்தது. சாதாரண ஓட்டத்தில் கண்ணுக்குப் படவில்லை, ஏதோ வழுக்குவதுபோல ஓர் உணர்வு மட்டும் இருந்தது. கணினித் திரையில், வெள்ளைப்பலகையில் எழுதும் மார்க்கரால் வலது கால் பெருவிரல் இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தினோம். தரையில் ஊன்றியிருக்க வேண்டிய கால் 5 ஃபிரேமில் புள்ளியைவிட்டு மெதுவாக நகர்ந்தது. 30 கிலோவைத் தள்ளும்போது ஊன்றிய கால் நழுவினால் தள்ளும் பலம் எங்கிருந்து வரும்? எடை முழுவதும் அங்கே கசிந்துபோகிறது. அந்த 5 ஃபிரேமில் காலைப் பூட்டினாள், அதற்கேற்ப முழங்காலைத் திருத்தினாள், ஷாட் தரையில் உட்கார்ந்துவிட்டது. பிறகு அதே மார்க்கரால் இடுப்பின் பாதையையும் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தாள். புள்ளிகள் ஒழுங்கான வளைவில் வந்தன. நெருக்கமாக இருந்த இடம் மெதுவானது, தள்ளி இருந்த இடம் வேகமானது. எங்கேயும் ஒரு புள்ளி மட்டும் வரிசையைவிட்டுத் துள்ளவில்லை.

*

சுவரிலிருந்து குதிக்கும் சிறுவனிடம் ஒரு மிதப்பு இருந்தது. "ஃப்ளோட்டி" என்று ஸ்டூடியோவில் ஒரே சொல்லில் சொல்லிவிடுவார்கள், மாணவருக்கு அதிலிருந்து எதை மாற்றுவது என்று புரியாது. எண்ணிப் பார்த்தால் புரியும்.

சுவர் இரண்டு மீட்டர். சிறுவன் சுவரை விட்டதிலிருந்து கால் தரையைத் தொடும்வரை 24 ஃபிரேம் எடுத்துக்கொண்டான், அதாவது ஒரு விநாடி. ஒரு விநாடியில் எந்தப் பொருளும் ஏறக்குறைய ஐந்து மீட்டர் விழும். மேலே எம்பாமல் அப்படியே இறங்கினால், இரண்டு மீட்டருக்கு 15 ஃபிரேம்தான் ஆகும். பார்க்கிறவர் யாரும் கணக்குப் போடுவதில்லை. ஆனால் நாம் பிறந்ததிலிருந்து பொருள்கள் விழுவதைப் பார்த்துவருகிறோம், உடம்புக்கு அந்தக் கணக்கு தெரியும். சுவர் இரண்டு மாடி உயரம் என்றோ, சிறுவன் பஞ்சால் ஆனவன் என்றோ அது எடுத்துக்கொள்கிறது.

ஃபிரேமைக் குறைத்தால் மட்டும் போதாது. அவள் போட்டிருந்த இடைவெளிகள் சமமாக இருந்தன, ஒவ்வொரு ஃபிரேமிலும் ஏறக்குறைய ஒரே தூரம் இறங்கினான். விழும் பொருள் போகப்போக வேகமெடுக்கும். முதல் ஒரு மீட்டருக்கு 11 ஃபிரேம், அடுத்த ஒரு மீட்டருக்கு 4 அல்லது 5 ஃபிரேம். கிராஃப் எடிட்டரில் அந்த வளைவின் முனையைப் பிடித்துக் கடைசியில் செங்குத்தாக்கினால் முடிந்தது. கார்ட்டூனில் இந்தக் கணக்கை மீறலாம், உச்சியில் அவனை இன்னும் கொஞ்சம் தொங்கவிடலாம். அப்படிச் செய்தால் கீழே வருவது அதற்கு ஈடாக இன்னும் விரைவாக இருக்க வேண்டும். இரண்டையும் மெதுவாக்கினால் மிதப்புதான்.

ஒரு மாலையில் சரிசெய்துவிட்டாள். ஆறு விநாடி ஷாட், அதில் குதிப்பு ஒரு விநாடிகூட இல்லை. மீதியெல்லாம் குதிப்பதற்கு முன் அவன் தயங்குவதும், விழுந்த பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பதும். அந்தத் தயக்கம் ஏற்கெனவே அழகாக இருந்தது. விழுவது மிதந்ததால் தயக்கத்துக்கு அர்த்தமில்லாமல் போயிருந்தது. தரை கடினமானது என்று நாம் நம்பிய பிறகுதான் அவனுடைய பயத்தை நம்புகிறோம்.

*

மிச்சம் இருந்தவை மூன்று. ஒன்றிலும் யாரும் பேசவில்லை. தொடர் செய்யும் ஸ்டூடியோவில் ஷாட்டுகளில் பெரும்பாலானவற்றில் யாராவது பேசிக்கொண்டிருப்பார்கள். வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டதற்கு, "ஒண்ணு இருக்கு மேம், ஆனா ரெண்டர் பண்ணல" என்று தயங்கித் தயங்கித் திறந்தாள்.

சாம்பல் நிறத்தில் ஒரு பெண் பாத்திரம், பின்னணி எதுவும் இல்லை, ஒரு மேஜை, மேஜைமேல் மூடிய டிபன் பாக்ஸ். பெண் தொலைபேசியில் அம்மாவிடம் பேசுகிறாள். "சாப்ட்டேன்மா" என்கிறாள். குரல் அவளே பதிவுசெய்தது. 12 விநாடி.

அந்தச் சொல்லைச் சொல்வதற்கு முன் பாத்திரத்தின் கண் டிபன் பாக்ஸுக்குப் போய்த் திரும்புகிறது. கண் நகர்ந்து 3 ஃபிரேம் கழித்துத் தலை லேசாக அந்தப் பக்கம் திரும்பத் தொடங்குகிறது, திரும்பி முடிக்காமலே பாதியில் நின்றுவிடுகிறது. பிறகுதான் பேச்சு வருகிறது. சொல்லி முடித்ததும் விரல் பாக்ஸின் விளிம்பைத் தடவுகிறது. ஒலியை அணைத்துப் பார்த்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்பதும், யாரிடம் சொல்கிறாளோ அவர்மேல் பிரியம் இருக்கிறது என்பதும் ஒலியில்லாமலே தெரிந்தன.

அவளுடைய வேலைகளில் மிகச் சிறந்தது இதுதான். சாம்பல் நிறத்தில் இருப்பதால் ரீலில் சேர்க்கவில்லை. அனிமேட்டர் வேலைக்கு அனுப்பும் ரீலில் ஒளியமைப்பும் துணியின் மினுமினுப்பும் கேட்கப்படுவதில்லை. ஸ்டூடியோவுக்குள் நாங்கள் நாள் முழுவதும் பார்ப்பதே இந்தச் சாம்பல் பிளேபிளாஸ்டைத்தான். பிக்ஸார் 1986இல் செய்த லக்ஸோ ஜூனியர் குறும்படத்தில் பாத்திரங்கள் என்று இரண்டு மேஜை விளக்குகள் மட்டும்தான் இருந்தன. முகம் கிடையாது, கேமரா நகரவில்லை, பின்னணியென்று சொல்ல எதுவும் இல்லை. ஒன்று பெற்றோர், மற்றது பிள்ளை என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை. அசைவு மட்டுமே அதைச் சொன்னது. அவளுடைய சாம்பல் பெண்ணிடமும் அது இருந்தது.

ஒரு சிறு திருத்தம் செய்தாள். 'சாப்ட்டேன்மா' என்பதில் 'ப்' வரும் இடத்திலும் 'ம' வரும் இடத்திலும் உதடு மூட வேண்டும். 'ப்'பில் ஒரே ஒரு ஃபிரேம் மூடியிருந்தது. ஒரு ஃபிரேம் என்பது விநாடியில் 24இல் ஒரு பங்கு, கண் அதைத் தவறவிட்டுவிடும், வாய் மூடாமலே பேசியதுபோலத் தோன்றும். இரண்டு ஃபிரேமாக்கி, ஒலிக்கு ஒரு ஃபிரேம் முன்பே மூடத் தொடங்கும்படி வைத்தாள். வெளிநாட்டு ஸ்டூடியோ எதற்காவது பிறகு அனுப்பினால் கீழே ஒரு வரி வசன மொழிபெயர்ப்பு போட்டால் போதும்.

*

வரிசை. தொலைபேசிப் பெண் முதலில், சிலிண்டர் இரண்டாவது, சுவர் மூன்றாவது, பாட்டி கடைசி. 12, 11, 6, 14 விநாடிகள். தொடக்கத்தில் பெயரும் வேலையும் இரண்டு விநாடி, முடிவில் அதே அட்டை மின்னஞ்சல் முகவரியோடு மூன்று விநாடி. மொத்தம் 48.

முதலாவதைத் தேர்வதில் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பல ரீல்கள் பத்தாவது விநாடியில் நிறுத்தப்படுகின்றன. பார்க்கிறவர் அவசரக்காரர் என்பதால் அல்ல, அதற்குள் அவர் பதிலை அறிந்துகொண்டுவிடுகிறார். நல்லதைக் கடைசிக்கு ஒளித்துவைத்த ரீலில் அந்த நல்லதை யாரும் பார்ப்பதில்லை. இரண்டாவது சிறந்ததைக் கடைசியில் வைப்பது, பார்த்து முடித்தவரின் மனத்தில் அது தங்கும் என்பதால்.

பாட்டி ஷாட்டில் வேறொரு விஷயம் இருந்தது. நான்கு பேர் சேர்ந்து செய்த இறுதியாண்டுப் படத்திலிருந்து எடுத்தது. பாட்டியின் உருவத்தைச் செய்தவர் ஒருவர், ரிக் செய்தவர் ஒருவர், ஒளியமைத்தவர் ஒருவர். இவள் செய்தது அசைவு மட்டும். அவள் அதை எங்கும் எழுதவில்லை, மறைக்கும் எண்ணமும் இல்லை, கேட்டால் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். கேட்க மாட்டார்கள். அதே நான்கு பேரில் இன்னொருவரும் அதே ஸ்டூடியோவுக்கு அதே ஷாட்டை அனுப்பியிருக்கலாம். இரண்டு ரீலிலும் யார் என்ன செய்தார் என்ற குறிப்பு இல்லாவிட்டால் இருவர்மீதும் சந்தேகம் விழும். ஒவ்வொரு ஷாட்டின் கீழ்மூலையிலும் சின்ன எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள். அசைவு என்னுடையது, ரிக் இன்னாருடையது, ஒளி இன்னாருடையது. இலவச ரிக் பயன்படுத்திய இடத்தில் அதைச் செய்தவரின் பெயர்.

பின்னணிப் பாட்டை முழுவதும் எடுத்துவிட்டாள். தொலைபேசிக் குரல், சிலிண்டர் தரையில் உரசும் ஓசை, தெருவின் சத்தம். அவ்வளவுதான்.

*

ஏற்றுமதி செய்து பார்த்தபோது சிலிண்டர் ஷாட்டில் விநாடிக்கு ஒருமுறை ஏதோ திக்கியது. மாயாவில் அப்படி இல்லை. படத்தொகுப்பு மென்பொருளில் டைம்லைன் 25 ஃபிரேமில் இருந்தது, ஷாட்டுகள் 24இல் செய்தவை. குறையும் ஒரு ஃபிரேமை நிரப்ப, மென்பொருள் ஒவ்வொரு விநாடியிலும் ஒரு ஃபிரேமை இரண்டு முறை காட்டியது. 30இல் வைத்திருந்தால் ஐந்து ஃபிரேமுக்கு ஒன்று இரட்டித்து முழுவதும் நொண்டியிருக்கும். அம்புக்குறி விசையால் ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தும்போது எங்காவது படம் அசையாமல் நின்றால் இதுதான் காரணம். பார்க்கிறவர் இதை மென்பொருளின் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார், அனிமேட்டருக்கு டைமிங் வரவில்லை என்றுதான் நினைப்பார். மாதக்கணக்கில் செதுக்கிய டைமிங் ஒரு மெனுவில் பறிபோவதைப் பார்க்க எனக்கு எப்போதும் வருத்தமாக இருக்கிறது.

டைம்லைனை 24க்கு மாற்றி மறுபடி எடுத்தாள். 1920 × 1080, ஒரே எம்பி4 கோப்பு. விமியோவில் ஏற்றினாள். மின்னஞ்சலோடு கோப்பை இணைக்கவில்லை. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் இணைக்க முடியாது, முடிந்தாலும் முன்பின் தெரியாதவர் அனுப்பும் கோப்பைத் தரவிறக்க யாரும் விரும்புவதில்லை. இணைப்பை உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து சோதித்தாள். தன் கணக்கில் உள்நுழைந்திருக்கும்போது எல்லா இணைப்பும் திறக்கும். மற்றவருக்கு அது அனுமதி கேட்டு நின்றால், அனுமதி கேட்டு மின்னஞ்சல் அனுப்ப அங்கே யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

*

மின்னஞ்சலை அவள் ஆங்கிலத்தில் எழுதினாள். தமிழில் அதன் சாரம் இது.

தலைப்பு: கேரக்டர் அனிமேஷன் இன்டர்ன்ஷிப், ஜனவரி முதல் ஜூன் வரை, அதன்பின் அவள் பெயர்.

"வணக்கம். நான் சென்னையில் அனிமேஷன் இறுதியாண்டு படிக்கிறேன். ஜனவரி முதல் ஜூன் வரை முழுநேரமாக உங்களிடம் கேரக்டர் அனிமேஷன் இன்டர்னாகப் பணிபுரிய விரும்புகிறேன். என் ரீல் 48 விநாடி, நான்கு ஷாட்டுகள். நான்கிலும் அசைவு முழுவதும் நான் செய்தது, ரிக்கும் ஒளியும் யாருடையவை என்று ஷாட்டிலேயே குறித்திருக்கிறேன். முதல் ஷாட் ரெண்டர் செய்யாதது. உங்கள் தொடரில் ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பது நன்றாகத் தெரிகிறது, கவனம் மாறும் இடங்களில் கண் முதலில் நகர்கிறது. அதைக் கற்றுக்கொள்ளத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். மாயாவில் வேலை செய்கிறேன். தேவைப்பட்டால் அனிமேஷன் டெஸ்ட் செய்து தருகிறேன்."

கீழே இணைப்பு, தொலைபேசி எண், பெயர்.

தொடரைப் பற்றிய வாக்கியத்துக்காக அவள் அந்த ஸ்டூடியோவின் சில பகுதிகளை மறுபடி பார்த்தாள். முதல் வரைவில் "உங்கள் படைப்புகள் அற்புதமானவை" என்று இருந்தது. அந்த வாக்கியத்தை எந்த ஸ்டூடியோவுக்கும் அனுப்பலாம், அதனால் அது யாரையும் சேராது. கேட்டுக்கொண்டிருக்கும் பாத்திரங்களின் கண்ணைப் பற்றிச் சொன்னது அங்கே வேலை செய்கிற அனிமேட்டரைச் சேரும். அவர் அதற்காக உழைத்திருப்பார், அதை ஒருவர் கவனித்தார் என்று அவருக்குத் தெரியும். முதல் ஷாட்டில் சாம்பல் பெண்ணின் கண் டிபன் பாக்ஸுக்குப் போகும்போது, இந்த வாக்கியத்தை எழுதியவள் இவள்தான் என்பதும் தெரியும்.

"ரெண்டர் செய்யாதது என்று சொல்லணுமா மேம்? குறை மாதிரி இருக்கே?"

சொல்ல வேண்டும் என்றேன். சொன்னால் அது ஒரு தேர்வு. சொல்லாவிட்டால், முடிக்காமல் அனுப்பிவிட்டாள் என்று யாராவது நினைக்க இடமிருக்கிறது.

*

அனுப்பிவிட்டாள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மின்னஞ்சலின் தொடர்ச்சியாக இரண்டு வரி, அதோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னேன். நிராகரிப்புக் கடிதத்தில் காரணம் இருப்பதில்லை. பல நேரம் காரணமே ரீலில் இருப்பதில்லை, அந்த மாதம் அவர்களிடம் புதிய ஆளுக்குச் சொல்லிக்கொடுக்க மூத்த அனிமேட்டர் யாரும் ஓய்வாக இல்லாமல் இருந்திருக்கும்.

இப்போது ஒரு புதிய ஷாட் செய்துகொண்டிருக்கிறாள். பேருந்தில் இருவர், ஒருவர் பேசுகிறார், இன்னொருவர் தூங்கிவிழாமல் கேட்க முயல்கிறார். பிளாக்கிங் முடிந்திருக்கிறது, நான்கு நிலைகள் நன்றாக இருக்கின்றன, ஐந்தாவதில் இருவரும் ஒரே ஃபிரேமில் ஒரே பக்கம் சாய்கிறார்கள், அதை மாற்ற வேண்டும். முடிந்ததும் சுவர் ஷாட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். அதைவிட நன்றாக இருந்தால் சுவர் வெளியே போகும், ரீல் நான்கு ஷாட்டுகளாகவே இருக்கும்.